வேலைக்கு ஆள் தேடும் ஆலைக்கு வேறென்ன தேவை?

கோயம்புத்தூரைச் சுற்றி உலோகத்தைக் கடைந்து உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகள் ஏராளம். குறிச்சி, மலுமிச்சம்பட்டி சிட்கோ வளாகங்கள், கணபதி, அரசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் லேத்தும் சிஎன்சியும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஆலை ஒவ்வொன்றிலும் வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ், பிரஷர் கேஜ் என்று அளவுக்கருவிகள் இருக்கின்றன. கருவி தேயும், கீழே விழும், கொஞ்சம் கொஞ்சமாகத் தப்புக் காட்டத் தொடங்கும். தப்பான கருவியால் அளந்து அனுப்பிய உதிரிபாகம் வாங்கியவரிடமிருந்து திரும்பி வந்துவிடும். ஆகவே பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை கருவிகளை ஒரு கூடத்துக்கு அனுப்பி, அவற்றைவிடத் துல்லியமான கருவிகளோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் வாங்குகிறார்கள். இந்த வேலைக்குத் தொழிலில் காலிபரேஷன் என்று பெயர். செய்கிற இடத்தை லேப் என்கிறார்கள்.

அப்படி ஒரு சிறிய லேப் நடத்துகிறவர் புதிய வாடிக்கையாளரை எங்கே போய்த் தேடுவார்? பலரும் செய்வது, எங்கிருந்தோ ஒரு முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொருவரையும் அழைப்பது. கிடைக்கும் பதிலும் ஒன்றேதான்: “எங்களுக்கு ஏற்கெனவே லேப் இருக்குங்க.” அது பொய்யல்ல. காலிபரேஷன் தேவைப்படும் ஆலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு லேப் இருக்கத்தான் செய்யும். அப்படியானால் ஓர் ஆலை எப்போது லேப்பை மாற்றும் என்று கேட்க வேண்டும்.

அந்தச் சமயங்கள் சிலவே. கருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்த தர ஆய்வாளர் வேலையை விட்டுப் போகும்போது. புதிய இயந்திரங்கள் வந்து கருவிகளின் எண்ணிக்கை கூடும்போது. முதன்முறையாகத் தரச்சான்று வாங்கும்போது, அல்லது வாங்கிய சான்று காலாவதியாகும் தேதி நெருங்கும்போது. புதிய தர மேலாளர் வந்து சேர்ந்து, பழைய ஏற்பாடுகளையெல்லாம் திரும்பப் பார்க்கும்போது. இவை போக, இருக்கிற லேப் சான்றிதழைத் தாமதமாகத் தந்ததால் தணிக்கையில் மாட்டிக்கொண்ட சமயமும் உண்டு. அது வெளியே தெரியாது. மற்ற எல்லாமே பொதுவெளியில் ஏதோ ஒரு தடயத்தை விட்டுச் செல்கின்றன. வேலைவாய்ப்பு விளம்பரத்தில், சமூக ஊடகப் பதிவில், ஆலையின் சொந்த இணையதளத்தில் அந்தத் தடயம் கிடக்கும். அவற்றைப் படித்து, தேவை இருக்கக்கூடிய ஆலைகளை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பதுதான் இங்கே பேசப்போகும் வேலை. விற்பனைக்காரர்கள் இப்படிக் கிடைக்கும் பெயரை லீட் என்பார்கள்.

இந்த மூன்றில் அதிகம் பேசுவது வேலைவாய்ப்பு விளம்பரம். காரணம் எளிது. ஓர் ஆலை தன்னைப் பற்றி எழுதும் மற்ற எல்லாமே பெருமைக்காக எழுதுவது. ஆள் வேண்டும் என்று எழுதும்போது மட்டும்தான் தன்னிடம் எது இல்லை என்பதை அது எழுதுகிறது. சரியான ஆள் வர வேண்டுமே என்பதற்காக உண்மையையும் எழுதுகிறது. மாதிரிக்கு ஒரு விளம்பரத்தை நானே எழுதிக் காட்டுகிறேன். இந்த வட்டாரத்து விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வரும்:

“கிணத்துக்கடவு அருகில் இயங்கும் வாகன உதிரிபாக ஆலைக்குத் தர ஆய்வாளர் தேவை. 2 முதல் 4 ஆண்டு அனுபவம். ஐஏடிஎஃப் ஆவணங்கள் தெரிந்திருக்க வேண்டும். காலிபரேஷன் பதிவேட்டைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு முன்னுரிமை. உடனடியாகச் சேர வேண்டும்.”

வேலை தேடுகிறவருக்கு இது சில வரி. லேப் நடத்துகிறவர் இதையே வேறு விதமாகப் படிப்பார். “வாகன உதிரிபாகம்”, “ஐஏடிஎஃப்” என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரு கட்டாயத்தைச் சொல்கின்றன. ஐஏடிஎஃப் 16949 என்பது வாகனத் தொழிலுக்கான தர நெறிமுறை. 2016இல் இந்தப் பெயரோடு வந்தது. வெளி லேப்பில் காலிபரேஷன் செய்தால், அந்த லேப் ஐஎஸ்ஓ 17025 நெறிப்படி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இந்தியாவில் அந்த அங்கீகாரத்தைத் தருவது என்ஏபிஎல். ஆகவே இந்த ஆலை, தெருமுனையில் மலிவாகச் சான்றிதழ் தரும் இடத்துக்குப் போக முடியாது. உங்களிடம் என்ஏபிஎல் அங்கீகாரம் இருந்தால் போட்டியாளர்கள் பாதிப் பேர் இந்த இடத்திலேயே கழிந்துபோகிறார்கள். இல்லாவிட்டால் விளம்பரத்தை மூடிவைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான்.

“காலிபரேஷன் பதிவேட்டைப் பராமரிக்க” என்ற சொற்கள் இன்னொன்றைச் சொல்கின்றன. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு கருவியின் எண்ணும், கடைசியாகச் சரிபார்த்த தேதியும், அடுத்த தேதியும் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது இல்லை, அல்லது இதுவரை யாருமே ஒழுங்காகப் பார்க்கவில்லை. எப்படியிருந்தாலும் சில கருவிகளின் தேதி தாண்டியிருக்க வாய்ப்புண்டு. “உடனடியாக” என்பதற்கு மட்டும் அதிக எடை கொடுக்கக் கூடாது. எல்லா விளம்பரத்திலும் வரும் சொல் அது.

இனி இதே விளம்பரத்தில் சில சொற்களை மாற்றிப் பாருங்கள். “தர ஆய்வாளர்” என்ற இடத்தில் “காலிபரேஷன் இன்ஜினியர்” என்று போட்டு, “அளவீட்டு நிச்சயமின்மையைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும்” என்று ஒரு வரி சேர்த்தால் பொருள் நேர்மாறாகிவிடும். அந்த ஆலை தன் வளாகத்துக்குள்ளேயே லேப் அமைக்கிறது, அல்லது ஏற்கெனவே வைத்திருக்கிறது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இனி வெளியே வராது. ஸ்லிப் கேஜ் போன்ற மூலக்கருவிகள் மட்டும் வெளி லேப்புக்குப் போகும். அது சிறிய, வேறு வகை வேலை. “காலிபரேஷன்” என்ற சொல்லைத் தேடி, வந்த பெயர்களையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்கிறவர் இந்த இரண்டு விளம்பரங்களையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார். பட்டியல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். சொல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்தச் சொல் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

விளம்பரம் என்ன சொல்கிறது என்பதைவிட, அது எத்தனை நாளாகத் தொங்குகிறது என்பது சில சமயம் பெரிய செய்தி. ஒரே இடத்துக்கு ஒரே வாசகம் மூன்று, நான்கு வாரங்கள் கழித்து மறுபடி வந்தால், ஆள் கிடைக்கவில்லை அல்லது வந்தவர் நிலைக்கவில்லை என்று பொருள். அந்த ஆலையில் அந்த வேலை நின்றுகிடக்கிறது. பதிவேட்டைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும், தேதி நெருங்கும்போது தானே நினைவூட்டும், ஆலைக்கே வந்து கருவிகளை எடுத்துப்போகும் லேப்புக்கு அங்கே கதவு திறந்திருக்கிறது. ஆனால் வேலைவாய்ப்புத் தளங்கள் காட்டும் தேதியை அப்படியே நம்ப முடியாது. விளம்பரம் கொடுத்தவர் புதுப்பித்துவிட்டால் பழைய விளம்பரமும் நேற்றுப் போட்டதுபோல மேலே வந்துவிடும். ஆகவே நீங்கள் முதலில் பார்த்த தேதியை நீங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒப்பிட வேறு வழியில்லை.

இன்னொரு தொல்லை, ஆள் எடுத்துக்கொடுக்கும் நிறுவனங்கள் போடும் விளம்பரங்கள். “கோவையின் முன்னணி ஆலை ஒன்றுக்கு” என்று மட்டும் இருக்கும். இவற்றில் சில உண்மையான காலியிடங்கள். சில, பின்னால் உதவுமென்று விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கவே போடப்படுபவை. ஊர்ப்பெயர் இல்லாமல், என்ன செய்யும் ஆலை என்ற குறிப்பும் இல்லாமல், அதே வாசகம் ஓசூருக்கும் சென்னைக்கும் வந்தால் அதை விட்டுவிடலாம். ஊரும் பொருளும் இருந்து பெயர் மட்டும் இல்லையென்றால், இந்த ஆலையாகத்தான் இருக்கும் என்று ஊகித்து அழைக்கக் கூடாது. அவர்கள் பெயரை மறைத்ததற்குக் காரணம் இருக்கலாம். இருக்கிற ஆய்வாளருக்குத் தெரியாமல் மாற்று ஆள் தேடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் அழைத்து விளம்பரத்தைப் பற்றிப் பேசினால் ஒருவருடைய வேலைக்கே பிரச்சினையாகிவிடும்.

எங்கே தேடுவது என்பது பெரிய கேள்வியல்ல. நௌக்ரி, இன்டீட், லிங்க்ட்இன் ஆகியவற்றோடு, தமிழக அரசே நடத்தும் தனியார் வேலைவாய்ப்புத் தளமும் இருக்கிறது. ஒவ்வொரு தளமாக நுழைந்து தேடுவதைவிட, கூகுளிலேயே தளத்தின் பெயரையும் சொற்களையும் கட்டிக்கொடுத்துத் தேடினால் நேரம் மிச்சம்:

```
site:naukri.com "calibration" "quality inspector" coimbatore
site:linkedin.com/posts "IATF 16949" coimbatore
filetype:pdf "certificate" "IATF 16949" coimbatore
"profile projector" "height gauge" "bore gauge" coimbatore
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்கள் அப்படியே வர வேண்டும் என்பது கட்டளை. முதல் வரி வேலை விளம்பரத்துக்கு, இரண்டாவது பதிவுகளுக்கு, மூன்றாவது தரச்சான்றுக்கு. நான்காவது எதற்கு என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். இந்தத் தேடல்களை கூகுள் அலர்ட்ஸில் பதிந்துவைத்தால், கூகுளின் கண்ணில் புதிதாகப் படுவது மின்னஞ்சலுக்கு வரும். எல்லாமே வந்துவிடாது என்பதால் வாரத்துக்கு ஒருமுறை கையால் தேடுவதை நிறுத்த வேண்டாம்.

சமூக ஊடகப் பதிவுகளுக்கு வருவோம். நம் ஊர் ஆலைகள் தவறாமல் போடும் ஒரு படம் உண்டு. புதிதாக வந்திறங்கிய இயந்திரத்துக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தோடு முதலாளியும் குடும்பத்தாரும் நிற்கும் பூஜைப் படம். ஆலையின் பக்கத்தில் இல்லாவிட்டாலும், இயந்திரத்தை விற்ற நிறுவனத்தின் பக்கத்திலாவது அது இருக்கும். புது இயந்திரம் என்றால் புது வேலை வந்திருக்கிறது, அந்த உதிரிபாகத்தை அளக்கப் புதுக் கருவிகள் வாங்குவார்கள். ஆனால் புதிய கருவி சான்றிதழோடேயே வருவதும் உண்டு; அப்படி வந்தால் முதல் காலிபரேஷன் ஓராண்டு கழித்துத்தான். ஆகவே பூஜைப் படம் நல்ல அறிகுறிதான் என்றாலும், தனியாக நின்றால் அவசரமான அறிகுறி ஆகாது.

இதைவிடத் தப்பாகப் படிக்கப்படுவது தணிக்கை முடிந்த பதிவு. “எங்கள் ஆலை ஐஏடிஎஃப் தணிக்கையை வெற்றிகரமாக முடித்தது” என்று சான்றிதழைப் பிடித்தபடி படம் வரும். உடனே தொலைபேசியை எடுக்கத் தோன்றும். யோசித்துப் பார்த்தால், அந்த ஆலைக்கு இந்த ஆண்டிலேயே காலிபரேஷன் மிகக் குறைவாகத் தேவைப்படும் நாள் அன்றுதான். தணிக்கைக்கு முன்பே எல்லாக் கருவிகளையும் சரிபார்த்து முடித்திருப்பார்கள். இந்தச் சான்றுகள் மூன்றாண்டு செல்லும். இடையில் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை கண்காணிப்புத் தணிக்கை வரும். ஆகவே அந்தப் பதிவைப் பார்த்ததும் செய்ய வேண்டியது, நாட்காட்டியில் எட்டு அல்லது ஒன்பது மாதம் தள்ளி ஒரு குறிப்புப் போடுவது. அறிகுறி “யார்” என்பதைச் சொல்வதோடு “எப்போது” என்பதையும் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள்.

ஒருவர் தர மேலாளராகப் புதிதாகச் சேர்ந்ததாகத் தம் பக்கத்தில் எழுதினால் அதுவும் கவனிக்கத் தக்கது. புதிதாக வந்தவர், தாம் பொறுப்பேற்ற பதிவேட்டில் ஓட்டை இருக்கிறதா என்று முதல் இரண்டு, மூன்று மாதங்களில் பார்ப்பார். அதே சமயம் பழைய ஆலையில் பழகிய லேப்பையே கூடவே கூட்டிவரவும் செய்வார். இந்த அறிகுறி இரு பக்கமும் வெட்டும்.

ஆலையின் சொந்த இணையதளத்தை யாரும் மதிப்பதில்லை. வண்ணப்படமும் வாக்குறுதியும்தானே என்று கடந்துபோகிறார்கள். ஆனால் சிறு இயந்திர ஆலைகளின் தளங்களில் “குவாலிட்டி” அல்லது “இன்ஃப்ராஸ்ட்ரக்சர்” என்று ஒரு பக்கம் இருக்கும். வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வர, தங்களிடம் இருக்கும் அளவுக்கருவிகளை அதில் வரிசையாக, பல சமயம் அளவெல்லையும் எண்ணிக்கையும் போட்டு, அட்டவணையாகக் கொடுத்திருப்பார்கள். காலிபரேஷன் லேப்புக்கு அது வேலையின் முன்மதிப்பீட்டுப் பட்டியலேதான். மேலே சொன்ன நான்காவது தேடல் வரி இந்தப் பக்கங்களைப் பிடிப்பதற்காக. பொதுவாகத் தேடினால் கிடைக்காது. கருவிகளின் பெயர்களையே கொடுத்துத் தேடினால் கிடைக்கும்.

அந்தப் பக்கத்தை இரண்டு எச்சரிக்கைகளோடு படிக்க வேண்டும். ஒன்று, அது பழையதாக இருக்கலாம். பக்கத்தின் அடியில் இருக்கும் ஆண்டைப் பாருங்கள், web.archive.org தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால் முந்தைய ஆண்டுகளில் பக்கம் எப்படி இருந்தது என்று பெரும்பாலும் காட்டும். பட்டியல் வளர்ந்திருந்தால் ஆலையும் வளர்ந்திருக்கிறது. இரண்டாவது, பிளக் கேஜ், ஸ்நாப் கேஜ், திரெட் கேஜ் போன்றவற்றை யாரும் இணையதளத்தில் எழுதுவதில்லை. ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் தனித்தனியாக இருக்கும் அவை, எண்ணிக்கையில் மற்ற கருவிகளைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெயர் எப்படிப் பட்டியலில் ஏறுகிறது என்று பார்க்கலாம். இது கற்பனை ஆலை, வழிமுறை மட்டும் உண்மை. மார்ச் 3 அன்று, மேலே எழுதிக் காட்டிய விளம்பரம் கண்ணில் படுகிறது. பெயர் இருக்கிறது. ஒரு வரியில் குறித்துக்கொள்கிறோம், அழைக்கவில்லை. ஆலையின் இணையதளத்துக்குப் போகிறோம். வெர்னியர் 12, மைக்ரோமீட்டர் 9, போர் கேஜ் 6, ஹைட் கேஜ் 2, புரொஃபைல் புரொஜெக்டர் 1 என்று 30 கருவிகள். அவற்றின் அளவெல்லைகளை நம் லேப்பின் அங்கீகார வரம்போடு ஒப்பிடுகிறோம். என்ஏபிஎல் ஒவ்வொரு லேப்புக்கும் எந்தக் கருவியை, எந்த எல்லை வரை சரிபார்க்கலாம் என்று வரையறுத்துப் பொதுவில் வெளியிடுகிறது. 29 கருவிகள் நம் வரம்புக்குள் வருகின்றன. புரொஃபைல் புரொஜெக்டர் மட்டும் வரவில்லை. தவிர அதைத் தூக்கிவர முடியாது, ஆலைக்கே போய்ச் செய்ய வேண்டியது. இந்தக் குறையை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும் என்று குறிப்பில் எழுதுகிறோம்.

அதே தளத்தில் தரச்சான்றின் படம் இருக்கிறது. காலாவதி ஆகஸ்ட் 20. மறுசான்றுத் தணிக்கை அந்தத் தேதிக்கு முன்பே முடிய வேண்டும். தணிக்கையில் குறை கண்டால் திருத்தவும் நேரம் வேண்டும். ஆகவே மே, ஜூன் வாக்கில் தணிக்கை நடக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மார்ச் 26 அன்று அதே விளம்பரம், அதே வாசகத்தோடு மறுபடி வருகிறது. ஆலையின் முகநூல் பக்கத்தில் பிப்ரவரியில் இரண்டு விஎம்சி இயந்திரங்களின் பூஜைப் படம். ஆள் இல்லை, வேலை கூடியிருக்கிறது, தணிக்கை இரண்டு மூன்று மாதத்தில். ஒன்றையொன்று சாராத மூன்று அறிகுறிகளும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. எதிரான அறிகுறி உண்டா என்று கடைசியாக ஒருமுறை தேட வேண்டும். உள்லேப் பற்றிய பேச்சு எங்கும் இல்லை; பெரிய குழுமத்தைச் சேர்ந்த ஆலையும் அல்ல, அப்படியிருந்தால் லேப்பைத் தலைமையகமே முடிவு செய்துவிட்டிருக்கும். இப்போது இந்தப் பெயர் பட்டியலில் ஏறலாம். அழைக்கும் வாரம், ஏப்ரல் முதல் வாரம்.

அதே வாரத்தில் கண்ணில் பட்ட இன்னும் இரண்டு பெயர்கள் எப்படிக் கழிந்தன என்பதும் முக்கியம். ஒன்று, இருபது சிஎன்சி ஆபரேட்டர்கள் வேண்டும் என்ற விளம்பரம். பெரிய விரிவாக்கம் போலத் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு முன்பும் அதே இருபது பேர் என்ற விளம்பரம் இருந்தது. அந்த ஆலையில் ஆட்கள் நிற்பதில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. இன்னொன்று, ஐஎஸ்ஓ 9001 சான்று புதிதாக வாங்கிய வார்ப்படப் பட்டறை. கருவிகள் சில பிரஷர் கேஜும் வெப்பமானிகளும். நம் லேப்புக்கு வெப்ப அளவீட்டில் அங்கீகாரம் இல்லை. தேவை உண்மையானதுதான், அதை நிறைவேற்றுகிறவர் நாமில்லை. அந்தப் பெயரை, அந்த அங்கீகாரம் வைத்திருக்கும் தெரிந்த லேப்புக்குச் சொல்லிவிடலாம்.

பட்டியலை வைத்துக்கொள்ள ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். ஆலையின் பெயரும் ஊரும், என்ன அறிகுறி, அதன் இணைய முகவரி, முதலில் பார்த்த தேதி, எதிரான அறிகுறி, அழைக்க வேண்டிய வாரம், கடைசியில் என்ன ஆயிற்று. இதில் “எதிரான அறிகுறி” என்ற பத்தியை யாரும் போடுவதில்லை. அதைப் போட்டுவிட்டால், காலியாக விடும்போது மனம் உறுத்தும், போய்த் தேடுவீர்கள். அறிகுறிகளுக்கு ஆயுளும் எழுத வேண்டும். வேலை விளம்பரம் மறுபடி வராவிட்டால் ஆறு, எட்டு வாரத்தில் செத்துவிடுகிறது. ஆள் கிடைத்துவிட்டார் என்று கொள்ளலாம். சான்றின் காலாவதித் தேதி அந்தத் தேதி வரை உயிரோடிருக்கும். விலைக்கு வாங்கும் முகவரிப் பட்டியலின் அடிப்படைக் குறை இதுதான். அதில் பெயர் உண்டு, எண் உண்டு, தேதி கிடையாது.

இதையெல்லாம் ஒரு மென்பொருளை ஏவிவிட்டு மொத்தமாக அள்ளலாமே என்று தோன்றும். லிங்க்ட்இன் தன் பயனர் ஒப்பந்தத்தில் தானியங்கி மென்பொருளால் தகவல் எடுப்பதைத் தடை செய்திருக்கிறது. மீறினால் கணக்கை முடக்கும். அமெரிக்காவில் ஹைக்யூ என்ற நிறுவனம் இதற்காக லிங்க்ட்இன்னோடு பல ஆண்டுகள் வழக்காடியது. எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கங்களிலிருந்து எடுப்பது கணினி ஊடுருவல் சட்டத்தை மீறியதாகாது என்ற பக்கமே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சாய்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியிருக்கிறது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. இரண்டும் ஒரே வழக்கில் வந்த முடிவுகள். ஒரு மாவட்டத்துக்குள் தொழில் செய்யும் லேப்புக்கு இந்த வம்பு தேவையே இல்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கண்ணால் படித்தாலே, அழைத்து முடிக்கக்கூடியதைவிட அதிகப் பெயர்கள் சேர்ந்துவிடும்.

நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவர் தாமாகவே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அது விலக்குத் தருகிறது. ஆனால் ஒருவருடைய கைப்பேசி எண்ணை வேறொருவர் எங்கோ போட்டிருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. ஆலையின் தளத்தில் ஆலையே கொடுத்திருக்கும் பொது எண்ணையும் மின்னஞ்சலையும் பயன்படுத்துவது எப்போதும் பாதுகாப்பு. விளம்பரத்தில் விண்ணப்பதாரர்களுக்காகக் கொடுத்த எண்ணை விற்பனைக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த எண்ணில் இருப்பவர் ஆள் எடுப்பவர்; லேப்பைத் தீர்மானிப்பவர் அல்ல. சிறிய ஆலையில் முதலாளியும், சற்றுப் பெரியதில் தரப் பொறுப்பாளரும்தான் பேச வேண்டியவர்கள்.

பேசும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஆலை தன் பெயரில் வெளியிட்டதைச் சொல்லலாம். தனிமனிதர் தம் பக்கத்தில் எழுதியதைச் சொன்னால், வேவு பார்த்ததுபோல இருக்கும். இப்படித் தொடங்கலாம்: “வணக்கம் சார். கோயம்புத்தூர்ல என்ஏபிஎல் லேப் நடத்துறோம். தர ஆய்வாளர் வேணும்னு நீங்க கொடுத்த விளம்பரத்தைப் பார்த்தேன், அதுல காலிபரேஷன் பதிவேடும் இருந்துச்சு. ஆள் வர்ற வரைக்கும் அந்தப் பதிவேட்டை நாங்க சேர்த்துப் பார்த்துக்கொடுக்க முடியும். உங்க தளத்துல இருக்கிற கருவிகள்ல புரொஃபைல் புரொஜெக்டர் தவிர மற்றதெல்லாம் எங்களால செய்ய முடியும். தேதி தாண்டினது ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?” இதில் பொதுவான புகழ்ச்சி எதுவும் இல்லை. ஏன் அழைக்கிறோம், என்ன முடியும், என்ன முடியாது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. உங்கள் ஊகம் தவறாக இருந்தால் அவரும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். “ஆள் போன வாரமே சேர்ந்துட்டாருங்க” என்றால் அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசிப் பத்தியை எழுதிவந்தால்தான் எந்த அறிகுறி உண்மையில் வேலை செய்கிறது என்று தெரியும். சில மாதம் கழித்துத் தாளை அறிகுறி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மறுபடி வந்த விளம்பரங்களில் எத்தனை விலைப்புள்ளி கேட்பதுவரை போயின, பூஜைப் படங்களில் எத்தனை, புதிய தர மேலாளர்களில் எத்தனை. ஒன்றுமே தராத அறிகுறியை விட்டுவிடலாம். இது லேப்புக்கு லேப் மாறும். அடுத்தவர் கணக்கை நம்பி எந்த அறிகுறியையும் வைத்துக்கொள்ளவோ தள்ளவோ வேண்டியதில்லை.

இந்த முறைக்கு எட்டாத இடம் பெரியது. சிட்கோ வளாகங்களிலும் கணபதிச் சந்துகளிலும் இருக்கும் பத்துப் பேர் பட்டறைகள் நௌக்ரியில் விளம்பரம் தருவதில்லை. இணையதளமும் இல்லை. ஆள் வேண்டுமென்றால் வாயிற்கதவில் “டர்னர் தேவை” என்று ஓர் அட்டை தொங்கும், அல்லது தெரிந்தவர் மூலம் ஆள் வருவார். நிறுவனமாகப் பதிவு செய்யாத தனியுரிமைப் பட்டறைகள் கம்பெனிகள் பதிவாளரின் பதிவேட்டிலும் இருக்காது. இணையத்தில் மட்டும் தேடுகிறவரின் பட்டியல் தானாகவே நடுத்தர, பெரிய ஆலைகளின் பக்கம் சாய்ந்துவிடும். அங்கேதான் போட்டியும் அதிகம். ஆகவே கருவிகளைத் திருப்பிக் கொடுக்கப் போகும் உங்கள் பையன் வழியில் புதிதாகத் தொங்கும் அட்டைகளைப் படம் எடுத்துவரட்டும். வெயிலில் வெளுத்துப்போன அட்டை நிரந்தரமாகத் தொங்குவது. புதிதாக எழுதியதுதான் செய்தி.

இந்தப் பட்டியலால் அழைக்கப்படுகிறவர்களின் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோளும் உண்டு. வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவருடைய சான்று அடுத்து எப்போது காலாவதியாகிறது என்று பார்த்து அந்தத் தேதிக்கு நான்கு மாதம் முன்னால் குறிப்புப் போடுங்கள், அதுவரை அழைக்காதீர்கள். இனி அழைக்கவே வேண்டாம் என்று சொன்னவரின் பெயரை, அடித்துவிடாமல், “அழைக்கக் கூடாது” என்று எழுதி அப்படியே வைத்திருங்கள். அடித்துவிட்டால் அடுத்த விளம்பரத்தைப் பார்த்து மறுபடி அதே பெயரை நீங்களே சேர்த்துவிடுவீர்கள். அவரும் 1909 என்ற எண்ணில் உங்கள் மீது புகார் கொடுக்க முடியும்.